கூட்டுக்காரர்கள் முன்னால் கிண்டல்: வலிக்கிறது என்று வீட்டில் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அருமனைப் பக்கத்துப் பெண். கட்டிக்கொடுத்தது நாகர்கோவிலுக்கு. குடும்ப ஆலோசனைப் பயிற்சி முடித்து, தக்கலையில் வாரம் இரண்டு நாள் தம்பதிகளைச் சந்திக்கிறேன். குடி, கடன், மாமியார் சண்டை என்று வருபவர்களுக்கு நடுவில், "இது ஒரு பெரிய விஷயமில்லக்கா, ஆனா..." என்று குரலைத் தாழ்த்தி ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். பாதிக்குப் பாதி அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவது ஒரே விஷயம்தான்: வீட்டுக்காரர் தன் கூட்டுக்காரர்கள், அதாவது நண்பர்கள் முன்னால் களியாக்குகிறார், கிண்டல் செய்கிறார். ஆறு வருடம் நானும் அதைத் தாங்கிக்கொண்டு இருந்தவள். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

வீட்டுல கிண்டல் பண்ணினா நானும் சிரிப்பேன். அதே வார்த்தைய அவரு கூட்டுக்காரங்க முன்னால சொன்னா மட்டும் ஏன்க்கா இப்படி வலிக்கு?

வீட்டில் இரண்டே பேர். அவர் உங்கள் தோசையைப் பார்த்து இலங்கை வரைபடம் என்பார், நீங்கள் அவர் குறட்டையைச் சொல்வீர்கள், கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். கூட்டுக்காரர்கள் முன்னால் அந்தக் கணக்கு தீராது. திருப்பிச் சொன்னால் "புருஷனை நாலு பேர் முன்னால விட்டுக்கொடுத்துட்டா" என்ற பேர் வரும். சொல்லாமல் இருந்தால் சிரிப்பு முழுவதும் அவருக்கு, அதற்கான விலை முழுவதும் உங்களுக்கு.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் சொன்ன கிண்டல் அன்றோடு போய்விடும். வெளியே சொன்னது அவர்களிடம் தங்கிவிடும். என் கதையைச் சொல்கிறேன். எங்கள் விளவங்கோட்டுப் பக்கம் குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்போம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1 அன்று ஒன்றாகத்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, ஆனால் பேச்சு ஊருக்கு ஊர் வேறு. கல்யாணமான முதல் மாதம் என் வீட்டுக்காரரோடு கல்லூரியில் படித்தவர்கள் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்திருந்தார்கள். நான் உபசாரமாக, "குடிக்க வெள்ளம் எடுக்கட்டா?" என்று கேட்டேன். அவர் உடனே, "ஓடுங்கடே, வெள்ளம் வருது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அது அன்றைக்கு முடியவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தக் கதை வரும். என்னைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டுவார். அவர்கள் படியேறும்போதே "மைனி, வெள்ளம் வடிஞ்சிட்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நாள் போகப் போக, வந்தவர்களிடம் எதுவும் கேட்காமல் செம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வருவதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் வீட்டில் எனக்கே பேச்சு இல்லாமல் போனது. இதை ஒருவர் தன் வீட்டுக்காரரிடம் சொல்ல நினைத்தால், "கிண்டல் பண்ணாதீங்க" என்பதைவிட, இந்தச் செம்பை வைத்துவிட்டுத் திரும்பி வருவதைச் சொல்வது நல்லது. முன்னதை மறுக்கலாம். பின்னது அவர் கண்ணால் பார்த்தது.

அவரு மனசுல ஒண்ணும் கெடையாதுக்கா, பாசத்துலதான் சொல்லுதாரு. அப்ப தப்பு எனக்க மேலயா?

அவர் மனதில் ஒன்றும் இல்லை என்பதை நான் நம்புகிறேன். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அவர் மனதில் இருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கேட்கிறவருக்குக் கிடைப்பது அந்த வார்த்தையும், அந்தக் குரலும், சுற்றி எழும் சிரிப்பும் மட்டும். 2006-இல் ஜஸ்டின் குரூகர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். கிண்டல் செய்பவர் தன் நல்ல எண்ணத்தையும் சேர்த்து அந்தக் கிண்டலை எடைபோடுகிறார், கிண்டலுக்கு ஆளானவருக்கு அந்த எண்ணம் அந்த அளவுக்குப் போய்ச் சேருவதில்லை, அதனால் ஒரே கிண்டல் இரண்டு பேருக்கும் இரண்டு மாதிரி தெரிகிறது என்று அதில் கண்டார்கள்.

இதில் யார் மேல் தப்பு என்று தேட வேண்டியதில்லை. பேச உட்காரும்போது இந்த ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுங்கள்: "நீங்க வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும்." இதைச் சொல்லிவிட்டால் அவர் தன் எண்ணத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் போய்விடும். அப்புறம் மிச்சம் இருப்பது, அது உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பது மட்டும்தான்.

"நீயும் கூடச் சேர்ந்து சிரிச்சியே, அப்ப எல்லாம் இனிச்சுதா"ன்னு கேக்காரு. எனக்குப் பதில் இல்ல.

பதில் இருக்கிறது, நம் மொழியில் ரொம்பப் பழைய பதில். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் சிரிப்பு பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நாலைச் சொல்லியிருக்கிறது. அதில் முதலாவது எள்ளல், அதாவது கேலி. அதற்கு உரை எழுதியவர்கள், பிறரைக் கேலி செய்து தான் சிரிப்பதும், பிறர் தன்னைக் கேலி செய்யும்போது தான் சிரிப்பதும் என்று அதையும் இரண்டாகப் பிரித்தார்கள். கேலிக்கு ஆளானவரும் சிரிப்பார் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அந்தச் சிரிப்பை வைத்துச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வீட்டில் சொல்ல எளிதான வடிவம் இது: "சிரிக்காம இருந்தா அத்தனை பேரு முன்னால உங்க முகம் வாடிரும். அதனால சிரிச்சேன்." எல்லாருக்கும் இது உண்மையாக இருக்காது. சிலர் அந்த நிமிடம் உண்மையாகவே சிரித்துவிட்டு, இரவு படுக்கும்போது வலிப்பதை உணர்வார்கள். அப்படியென்றால் அதையே சொல்லுங்கள். பொய்யாக ஒரு காரணம் சேர்க்காதீர்கள்.

அன்னைக்கே, வண்டியில திரும்பி வரும்போதே கேட்டுட்டா என்ன? சூட்டோட சூடா.

நான் அப்படித்தான் முதலில் செய்தேன். கல்யாணமான மூன்றாம் வருடம், தக்கலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது, "நீங்க எப்பவும் என்னை நாலு பேர் முன்னால கேவலப்படுத்துறீங்க" என்று ஆரம்பித்தேன். பார்வதிபுரம் வருவதற்குள் என் தம்பி கல்யாணத்தில் அவருக்கு மரியாதை குறைந்த கதை வரைக்கும் பேசி முடித்துவிட்டோம். வெள்ளம் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை.

சூடாக இருக்கும்போது காது வேலை செய்யாது. தம்பதிகளின் சண்டையைப் பல வருடம் ஆராய்ந்த ஜான் காட்மன், வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது உள்ளே இறங்காது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். அந்த 20 நிமிடமும் மனதுக்குள் சண்டையை ஓட்டிக்கொண்டிருந்தால் அடங்காது. என் அனுபவத்தில் கிண்டல் விஷயத்துக்கு அது போதவும் போதாது. ஒன்றிரண்டு நாள் தள்ளிப் பேசுவது நல்லது. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் "எந்த ஞாயிறு? நான் என்ன சொன்னேன்?" என்று ஆகிவிடும்.

சரி, எப்படித்தான் ஆரம்பிக்க? என்ன சொல்லணும்னு வார்த்தை வார்த்தையா சொல்லித் தாங்க.

முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆறு வருடத்துக் கிண்டல் அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினால் அவருக்கு எதை எடுப்பது என்று தெரியாது. ஒரு நாள், ஒரு இடம், ஒரு வார்த்தை போதும். எனக்கு அது முட்டம் கடற்கரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குடும்பத்தோடு போயிருந்தோம், மதுரைக்காரரின் புது மனைவியும் வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு, அடுக்களைப் படியில் உட்கார்ந்து மறுநாளைக்கு மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அவரும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டாம், கைக்கும் வேலை இருக்கிறது. வலிக்கிறதைப் பேச இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

நான் சொன்னது இவ்வளவுதான்: "அத்தான், ஒரு விஷயம் பேசணும், பத்து நிமிஷம் போதும். ஞாயித்துக்கிழமை முட்டத்துல வச்சு, அந்தப் பிள்ளை முதல் தடவையா வந்திருந்துச்சு. நீங்க வெள்ளம் கதையச் சொல்லி, என்னை மாதிரி பேசிக் காட்டினீங்க. நீங்க வேணும்னு பண்ணலன்னு தெரியும். எனக்கு ரொம்பக் கூசிப்போச்சு. அது எங்க அம்மை பேசுற பேச்சு. அதுக்கப்புறம் திரும்புற வரைக்கும் அவகிட்ட நான் வாயே திறக்கல. இனி அந்தக் கதையும், என் பேச்சை நடிச்சுக் காட்டுறதும் மத்தவங்க முன்னால வேண்டாம். நாம ரெண்டு பேரும் இருக்கும்போது சொல்லுங்க, நானும் சிரிப்பேன்."

இதில் ஒரு வரிசை இருக்கிறது. எங்கே, யார் இருந்தார்கள், என்ன சொன்னீர்கள் என்பது முதலில். ஒலிப்பதிவில் கேட்பதைப் போல, அவரும் மறுக்க முடியாததாக இருக்க வேண்டும். அடுத்தது எனக்கு என்ன ஆனது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன். கடைசியில் என்ன வேண்டும். கடைசிப் பகுதியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அழுது முடித்துவிட்டு, அவரே புரிந்துகொள்ள வேண்டும் என்று எழுந்து போய்விடுகிறார்கள். அவருக்கோ எதை நிறுத்த வேண்டும் என்றே தெரிவதில்லை.

உணர்வைச் சொல்லும் இடத்தில் தமிழ் நமக்குக் கை கொடுக்கும். "எனக்குக் கூசிப்போச்சு", "எனக்கு வெட்கமாயிட்டு", "தனியா நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லும்போது அந்த வாக்கியத்தில் அவர் இல்லவே இல்லை, நம் வலி மட்டும் இருக்கிறது. "நீங்க என்னை மட்டம் தட்டுறீங்கன்னு எனக்குத் தோணிச்சு" என்பதில் 'எனக்கு' இருந்தாலும் அது குற்றச்சாட்டுதான். "ஒரு மாதிரி ஆயிட்டு" என்பதும் போதாது. எந்த மாதிரி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"எப்பவும் இப்படித்தான் பண்ணுதீங்க"ன்னு சொன்னா என்ன தப்பு? எப்பவும்தானே பண்ணுதாரு!

"எப்பவும்" என்று சொன்ன உடனே அவர் மனது ஒரு காரியத்தில் இறங்கிவிடும்: அப்படிச் செய்யாத ஒரு நாளைத் தேடுவது. ஒரு நாள் கிடைத்துவிட்டால் உங்கள் மொத்தப் பேச்சும் தள்ளுபடி. வலித்தது உண்மை, ஆனால் வழக்கு தோற்றுவிடும். "இந்த மாசத்துல மூணு தடவை" என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், அதை மறுக்க முடியாது.

சொன்னேன்க்கா. "உனக்கு ஒரு தமாஷு கூடத் தாங்காது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு.

இங்கேதான் பேச்சு பெரும்பாலும் உடைகிறது. இதுவரை பேசியது அந்தக் கதையைப் பற்றி. இந்த ஒரு வாக்கியம் அதை உங்கள் குணத்தைப் பற்றியதாக மாற்றிவிடுகிறது. நீங்களும் உடனே "நானா தமாஷ் தெரியாதவ?" என்று அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். உங்களுக்கு எது தாங்கும் எது தாங்காது என்று அவரே சொல்கிறார் அல்லவா, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "ஆமா, இந்த ஒண்ணு எனக்குத் தாங்கல. மத்தது எல்லாம் தாங்குது." அதோடு நிறுத்திவிட்டுக் கையில் உள்ள வேலையைத் தொடருங்கள்.

என் வீட்டில் அன்றைக்கு வந்த பதில் வேறு. கொஞ்ச நேரம் கிழங்கை உரித்துவிட்டு, "ஆறு வருஷமா ஏன் சொல்லல?" என்றார். அது எனக்கு அடியாகத்தான் விழுந்தது. "சிரிச்சு மழுப்பிட்டேன், சொல்லத் தெரியல, இப்பச் சொல்லுதேன்" என்றேன். அப்புறம் அவர், "எனக்கு உன் பேச்சு ரொம்பப் பிடிக்கும் பிள்ளே, அதனாலதான் நடிச்சுக் காட்டுறேன்" என்றார். அது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். "பிடிக்கும்ங்கிறத அவங்க முன்னால நீங்க ஒருநாளும் சொன்னதில்லையே அத்தான்" என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஒரே இருப்பில் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது அந்த மௌனம் மட்டும்தான், அதுவே நிறைய.

"இனி உன்னைப் பத்தி யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசமாட்டேன், போதுமா?"ன்னு முறுக்கிட்டு நிக்காரு. இப்ப என்ன பண்ண?

முறுக்கு இறங்கட்டும், ஒரு நாள் விடுங்கள். பிறகு, பேசவே கூடாது என்று நீங்கள் கேட்கவில்லை என்பதை உதாரணத்தோடு காட்டுங்கள். எதை வைத்துச் சிரிக்கலாம் என்று நீங்களே எடுத்துக் கொடுப்பது இந்த இடத்தில் நன்றாக வேலை செய்கிறது. நான் சொன்னது: திற்பரப்பு அருவிக்குப் போய் என் செருப்பைத் தண்ணீரோடு விட்ட கதையைச் சொல்லலாம், மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பாதி வழியில் பயந்து உட்கார்ந்துவிட்ட கதையையும் சொல்லலாம். என் பேச்சு, என் நிறம், எங்கள் வீட்டார், நான் பிரசவத்துக்குப் பிறகு குண்டானது, இவை வேண்டாம்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்டார். யோசித்துத்தான் சொன்னேன். முதலாவது நான் செய்தது, ஒருநாள் நடந்தது. இரண்டாவது நான் யார் என்பது. அதை நான் மாற்றவும் முடியாது, அந்தச் சிரிப்பிலிருந்து வெளியே வரவும் முடியாது. ஆனால் இது எல்லா வீட்டுக்கும் பொதுவான கோடு இல்லை. பாலத்தில் பயந்த கதையே ஒருவருக்கு வலிக்கலாம். உங்கள் கோட்டை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் ஆம்பிளை. சவூதியில இருந்து திரும்பி வந்து எட்டு மாசம், இன்னும் வேலை அமையல. "எங்க வீட்டுல சம்பளம் இல்லாத வாட்ச்மேன் ஒருத்தரு இருக்காரு"ன்னு அவ கூட்டுக்காரிகள் முன்னால சொல்லிச் சிரிக்கா. இதப் போய் நான் எப்படிச் சொல்ல?

அண்ணே, இந்தக் கேள்வியோடு வருகிற ஆண்கள் குறைவு. வலி குறைவாக இருப்பதால் இல்லை. "ஆம்பிளைக்கு இதெல்லாம் வலிக்கலாமா" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள், பிறகு ஒருநாள் சம்பந்தமே இல்லாமல் சோற்றில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளுகிறார்கள். அவளுக்கு அது உப்புச் சண்டையாகத்தான் தெரியும்.

மேலே நான் சொன்ன வரிசையே உங்களுக்கும். "நேத்து உன் கூட்டுக்காரிங்க வந்திருந்தப்போ வாட்ச்மேன்னு சொன்ன. எனக்குத் தலை குனிஞ்சு போச்சு. நான் எழுந்து ரப்பர் தோட்டத்துப் பக்கம் போயிட்டேன், அவங்க போற வரைக்கும் வரல. வேலையைப் பத்திய பேச்சு அவங்க முன்னால வேண்டாம்." உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இந்தக் கிண்டலுக்குள் அவளுடைய பயம் ஒளிந்திருக்கலாம்: சிட்டிப் பணம், பிள்ளையின் பீஸ், அடகு வைத்த நகை. நேராகக் கேட்கத் தயங்குவதைச் சிலர் கிண்டலில் கேட்பார்கள். "பணத்தைப் பத்தி உனக்குப் பயம் இருந்தா, நாம ரெண்டு பேரும் கணக்கு நோட்டை எடுத்து வச்சுப் பேசுவோம்" என்று அந்தப் பேச்சுக்கு ஓர் இடம் கொடுங்கள். இடம் கிடைத்துவிட்டால் அது கூட்டுக்காரிகள் முன்னால் வர வேண்டிய தேவை குறையும்.

சரின்னு சொன்னாரு. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமையே மறுபடியும் அதே கதை. ஏமாத்துதாரா?

முதல் முறை மறந்தால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். ஆறு வருடமாக, அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் வாயில் வரும் கதை அது. பழக்கம் நாக்கில் இருக்கிறது. அதற்காகத்தான் முன்கூட்டியே ஓர் அடையாளம் பேசி வைக்கச் சொல்கிறேன். எங்கள் வீட்டில், நான் அவர் தோளைத் தொட்டு "அத்தான், சாயா ஆறுது" என்பேன். மற்றவர்களுக்கு அது சாயாதான். அவருக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியும். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அடையாளத்தை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், நீங்களாக ஒன்றை வைத்துக்கொண்டு அவருக்குப் புரியவில்லை என்று வருத்தப்படாதீர்கள்.

நின்றுவிட்டதா என்று பார்க்க அவர் சொல்லும் உறுதியை வைத்துப் பார்க்காதீர்கள். சைகை கொடுத்ததும் பேச்சை மாற்றுகிறாரா, வீட்டுக்கு வந்து தானாக அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறாரா, இவைதான் அறிகுறிகள். சைகைக்குப் பிறகும் வேண்டுமென்றே தொடர்ந்தால், "பாருங்கடே, இவ என்னைப் பேச விடமாட்டா" என்று அந்தச் சைகையையே கிண்டலாக்கினால், விஷயம் வேறு. அதற்குக் கீழே பதில் இருக்கிறது.

அவரு விட்டுட்டாரு, கூட்டுக்காரங்கதான் விடல. நானே அவங்ககிட்ட நேரா சொல்லிரட்டா?

சொல்லலாம், தப்பில்லை. ஆனால் முதலில் அவர் சொல்வதுதான் நிற்கும். அந்தக் கதையை அவர்கள் கையில் கொடுத்தவர் அவர், திருப்பி வாங்க வேண்டியவரும் அவர்தான். நீங்கள் சொன்னால் "மைனி கோபிச்சிட்டாங்க" என்று அதுவே அடுத்த கதையாகலாம். அவருக்குச் சொல்ல வராவிட்டால் சிறிதாக ஒரு வாக்கியம் எடுத்துக் கொடுங்கள்: "அது போதும்டே, பழசு." காரணம் விளக்க வேண்டியதில்லை.

எத்தனை தடவை சொல்லியும் நிறுத்தல. நான் அழுதா இன்னும் கூடுது. இது கிண்டல்தானா?

இல்லை. உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்த பிறகு, வலிக்கும் என்பதற்காகவே சொல்வது கிண்டல் இல்லை. மேலே நான் எழுதிய வரிசை, நேரம், சைகை எல்லாம் கேட்க மனமுள்ளவரிடம் மட்டுமே வேலை செய்யும். இந்த நிலையில் இன்னும் மென்மையாகச் சொல்லிப் பார்க்கலாமே என்று உங்களையே குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கூடவே பயம் இருக்கிறதா என்று பாருங்கள்: வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்குமோ என்று வண்டியிலேயே வயிறு கலங்குகிறதா, அம்மா வீட்டுக்குப் போன் பேச விடாமல் தடுக்கிறாரா, பணத்தைக் கையில் தராமல் இருக்கிறாரா.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் சொல்லவில்லை. அவமதிப்பது, ஏளனம் செய்வது, இழிவாகப் பெயர் வைத்துக் கூப்பிடுவது எல்லாம் அதன் 3-ஆம் பிரிவில் வருகின்றன. பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று ஏளனம் செய்வதைத் தனியாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. போன் செய்தால் உடனே வழக்காகிவிடும் என்று பயப்பட வேண்டாம், என்ன வழி இருக்கிறது என்று கேட்பதற்காகவும் அந்த எண்ணை அழைக்கலாம்.

நான்தான் கிண்டல் பண்ணினவன். இப்பத்தான் புரியுது. மன்னிப்பு கேட்டா போதுமா, இல்ல அதே ஆளுங்க முன்னால வச்சு ஏதாவது சொல்லணுமா?

தனியாகக் கேளுங்கள், அதில் "ஆனா" வரக்கூடாது. "தப்புதான், ஆனா நீயும்..." என்றால் அது மன்னிப்பு இல்லை. எதற்கு என்று பேர் சொல்லிக் கேளுங்கள்: "உன் பேச்சை நடிச்சுக் காட்டினேன், உங்க அம்மை பேச்சைச் சிரிப்பாக்கிட்டேன்." கூட்டுக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவளுக்கு அது இன்னொரு முறை எல்லாரும் திரும்பிப் பார்ப்பதாகத்தான் இருக்கும். வேண்டுமா என்று அவளிடமே கேளுங்கள், பெரும்பாலும் வேண்டாம் என்பாள்.

ஆனால் அவர்கள் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாங்கள் பேசி மூன்று மாதம் கழித்து அதே மதுரைக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். படியேறும்போதே, "மைனி, வெள்ளம்..." என்று ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "அது போதும்டே, பழசு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பிள்ளே, எனக்கும் கொஞ்சம் வெள்ளம் கொண்டா" என்றார். நடிக்கவில்லை, இழுக்கவில்லை, சாதாரணமாக, எங்கள் அம்மை வீட்டில் கேட்பது போலக் கேட்டார். நான் செம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்தப் புது மனைவியிடம், "உனக்கு வெள்ளம் எடுக்கட்டா மக்களே?" என்று கேட்டேன்.